மூத்தோர் கண்ணுக்கு ஏற்ற பெரிய எழுத்தில் சட்டைப்பை ஜெபப் புத்தகம்: எழுத்தளவு முதல் பக்க வரிசை வரை

நெல்லைச் சீமையில் அசனப் பண்டிகைக்கும் பிரதிஷ்டைப் பண்டிகைக்கும் சபைகளில் சிறு ஜெபப் புத்தகம் அச்சிட்டுக் கொடுப்பதுண்டு. பெற்றோர் நினைவாகக் குடும்பங்களும் அச்சிடுகின்றன. கையடக்கமாக இருக்க வேண்டும், அதே நேரம் எழுபது எண்பது வயதுக்காரர் சாயங்கால ஜெபத்துக்கு வீட்டு விளக்கின் கீழ் தடுமாறாமல் வாசிக்கவும் வேண்டும். இந்த இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். புத்தகத்தைச் சிறிதாக்கினால் எழுத்தும் சிறிதாகிவிடுகிறது. எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு ஜெபம் நான்கு பக்கத்துக்குச் சிதறுகிறது. வழி ஒன்றுதான்: எழுத்தளவை முதலில் உறுதி செய்துவிட்டு, எத்தனை ஜெபம் கொள்ளும் என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்வது.

இங்கே எடுத்துக்கொள்வது 32 பக்கம், ஏ6 அளவு, நடுவில் இரண்டு பின் அடித்த புத்தகம். சாதாரண ஏ4 தாளில், பாளையங்கோட்டையிலோ நாசரேத்திலோ உள்ள டிஜிட்டல் பிரிண்ட் கடையிலேயே அடித்துவிடலாம். ஏ6 என்பது 105 மி.மீ. அகலம், 148 மி.மீ. உயரம். சட்டைப்பையில் தலை சற்று வெளியே தெரிய நிற்கும், பாட்டிமாரின் சுருக்குப்பையிலும் அடங்கும். இதற்குக் கீழே போனால் பெரிய எழுத்துக்கு இடமில்லை.

1. எழுத்து: பாயிண்ட் எண்ணை நம்பாதீர்கள், ஸ்கேலை வையுங்கள்

கணினியில் 18 பாயிண்ட் என்று போட்டால் எல்லா எழுத்துருவும் ஒரே உயரத்தில் வராது. ஒன்றில் உடல் பெரிதாக இருக்கும், இன்னொன்றில் மேல்விசிறிக்கும் கீழ்க்கொக்கிக்கும் இடம் விட்டு உடலைச் சுருக்கி வைத்திருப்பார்கள். அதனால் அச்செடுத்த தாளில் "ப" எழுத்தின் உயரத்தை அளந்து பாருங்கள். 3.3 மி.மீ.க்குக் குறையக்கூடாது; 3.5 இருந்தால் நல்லது. Noto Sans Tamil போன்ற எழுத்துருக்களில் 18 பாயிண்ட் இதன் அருகே வரும். வராவிட்டால் பாயிண்டைக் கூட்டுங்கள்.

தடிமனில் ஒரு நிதானம் வேண்டும். பெரியவர்களுக்கு என்றதும் முழுவதையும் போல்டில் போடுவது பலர் செய்வது. ண, ணை, றூ போன்ற எழுத்துகளின் உள்ளே இருக்கும் சிறு வெளிகள் போல்டில் மையால் அடைபடும், மங்கிய கண்ணுக்கு அவை ஒரு கறுப்புத் திட்டாகத் தெரியும். மிக மெல்லிய எழுத்தில் இதற்கு எதிரான கேடு: நகலெடுக்கும்போது புள்ளி காணாமல் போகும், "கர்த்தர்" என்பதில் எது த, எது த் என்று தேட வேண்டியிருக்கும். எழுத்துருவில் Medium என்ற எடை இருந்தால் அதையே எடுங்கள். இல்லையென்றால் Regular போதும். தலைப்புகளுக்கு மட்டும் போல்ட்.

வரிக்கு வரி 25 பாயிண்ட் இடைவெளி கொடுங்கள். தமிழில் ஈகார விசிறி மேலே ஏறும், உகரக் கொக்கி கீழே இறங்கும். 22 பாயிண்டுக்கு இறுக்கினால் மேல் வரியின் கொக்கியும் கீழ் வரியின் விசிறியும் உரசிக்கொள்ளும்.

2. பக்கத்தின் அளவும் கொள்ளளவும்

உள் ஓரம், அதாவது மடிப்புப் பக்கம், 12 மி.மீ.; வெளி ஓரம் 11; மேலே 14; கீழே 10.5. இவை போக எழுத்துக்குக் கிடைக்கும் இடம் 82 மி.மீ. அகலமும் 123.5 மி.மீ. உயரமும். அந்த உயரத்தில் 25 பாயிண்ட் இடைவெளியில் சரியாக 14 வரி அமரும். எதிரெதிர்ப் பக்கம் இரண்டும் சேர்ந்து 28 வரி. இந்த 28 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், புத்தகம் முழுவதும் அதைச் சுற்றித்தான் நடக்கிறது.

ஜெபத்தின் தலைப்பும் பக்க எண்ணும் மேல் ஓரத்திலேயே ஒரே வரியில் இருக்கட்டும். எண் வெளி மூலையில், வெட்டும் விளிம்பிலிருந்து 8 மி.மீ.யாவது உள்ளே. கீழே எண் போட்டால் பிடித்திருக்கும் கட்டைவிரல் அதை மறைத்துவிடும்.

வரிகளை இடதுபுறம் மட்டும் ஒழுங்காக வையுங்கள். இருபுறமும் சமன் செய்தால், வரிக்கு இரண்டே சொல் இருக்கும் பக்கத்தில் சொல்லுக்கிடையே பெரும் பள்ளம் விழும். கண் அடுத்த சொல்லுக்குப் போகாமல் கீழ் வரிக்கு இறங்கிவிடும்.

3. வரி பிரித்தல்: கர்த்தருடைய ஜெபத்தை வைத்தே பார்ப்போம்

பெரிய எழுத்துத் தமிழ்ப் புத்தகத்தில் உண்மையான வேலை இங்கேதான். 82 மி.மீ. அகலத்தில் சராசரியாக ஒன்றிலிருந்து இரண்டு சொல்தான் அடங்கும். வரியைக் கணினியின் போக்கில் விட்டால் "எங்கள்" ஒரு வரியின் கடைசியிலும் "பிதாவே" அடுத்த வரியிலும் தனித்தனியே நிற்கும். ஆகவே ஒவ்வொரு வரியையும் கையால், Shift+Enter போட்டு, மூச்சு நிற்கும் இடத்தில் முறியுங்கள்.

பரமண்டலங்களிலிருக்கிற
எங்கள் பிதாவே,
உம்முடைய நாமம்
பரிசுத்தப்படுவதாக;
உம்முடைய ராஜ்யம்
வருவதாக;

முதல் சொல்லைக் கவனியுங்கள். "பரமண்டலங்களிலிருக்கிற" என்பதில் 14 எழுத்து. 18 பாயிண்டில் அது ஏறக்குறைய வரி முழுவதையும் பிடித்துக்கொள்ளும், ஆனாலும் அடங்கும். இதே ஜெபத்தில் பின்னால் வரும் "சோதனைக்குட்படப்பண்ணாமல்" என்பதிலும் 14 எழுத்துதான். அது அடங்காது. காரணம் சோ, னை, ணா ஆகிய மூன்றும். இவை கொம்பும் காலும் நீட்டி இரண்டு மூன்று எழுத்தின் இடத்தை எடுக்கும். ஆகவே எழுத்தை எண்ணி இடம் கணக்கிடாதீர்கள். உங்கள் உரையில் ஆகக் கடினமான சொல் எது என்று தேடி, அதை முதலில் தட்டச்சு செய்து பாருங்கள். எழுத்துருவையும் ஓரத்தையும் அந்தச் சொல்தான் தீர்மானிக்கிறது.

அந்த ஒரு வரிக்காக எழுத்தைச் சுருக்க வேண்டாம். பெரியவர்கள் அந்த வரியில்தான் நின்றுவிடுவார்கள். சொல்லை இப்படிப் பிரிக்கலாம்:

எங்களைச் சோதனைக்குட்
படப்பண்ணாமல்,

சொல்லைப் பிரித்தாலும் அடுத்த வரி ஒருபோதும் புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக்கூடாது. "சோதனைக்கு / ட்படப்பண்ணாமல்" என்று விட்டால் வாயே வராது. கணினி தானாக முறிக்கும்போது இந்தத் தவறு நேரலாம் என்பதால், முடித்த பிறகு எல்லா வரிகளின் முதல் எழுத்தையும் ஒருமுறை மேலிருந்து கீழாக ஓட்டிப் பாருங்கள். இணைப்புக் கோடு தேவையில்லை. பழைய தமிழ்ப் புத்தகங்கள் கோடில்லாமல்தான் சொல்லைப் பிரித்தன, இவர்கள் அதில் வாசித்துப் பழகியவர்கள்.

இப்படிப் பிரித்தால் ஜெபம் முழுவதும் 27 அல்லது 28 வரி வரும். "எங்களுக்குத் தாரும்" என்பதோடு இடதுபக்கத்தின் 14 வரி முடிகிறது. "எங்கள் கடனாளிகளுக்கு" என்று வலதுபக்கம் தொடங்கி "ஆமென்" வரை போகிறது. தாள் திருப்பாமல் முழு ஜெபமும் கண்முன் இருக்கும். நீங்கள் எடுக்கும் எழுத்துருவில் ஒன்றிரண்டு வரி கூடினால், இடைவெளியை 25-லிருந்து 23 ஆக்குங்கள். அதற்கு மேல் இறுக்கவேண்டாம்.

ஜெபத்தின் வாசகத்தை உங்கள் சபை ஓதும் பதிப்பிலிருந்து எழுத்து மாறாமல் எடுங்கள். மூத்தவர்கள் பாதி வாசிக்கிறார்கள், பாதி நினைவிலிருந்து சொல்கிறார்கள். ஒரு சொல் புதிய மொழிபெயர்ப்பில் இருந்தால் நாக்கு ஒன்று சொல்ல, கண் வேறொன்றைக் காட்டும். ணை, லை போன்ற எழுத்துகளை 1978-க்கு முந்தைய யானைத்தும்பிக்கை வடிவில் போடலாமா என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டாம். பத்திரிகை வாசித்து வந்தவர்களுக்குப் புதிய வடிவம் பழகிவிட்டது, பேரப்பிள்ளைகளும் இதே புத்தகத்திலிருந்துதான் வாசித்துக் காட்டுவார்கள்.

4. எந்த ஜெபம் எந்தப் பக்கத்தில்

விதி ஒன்று: ஒவ்வொரு ஜெபமும் இடதுபக்கத்தில், அதாவது இரட்டைப்படை எண்ணில் தொடங்கி, வலதுபக்கத்தில் முடிய வேண்டும். நடுங்கும் விரல்கள் தாளைத் திருப்பும்போது இரண்டு தாள் சேர்ந்து வரும்; ஜெபத்தின் நடுவே அது நடந்தால் இடம் தவறிவிடும். நான்கு பக்கம் பிடிக்கும் நீண்ட ஜெபமானால், திருப்பம் ஒரு வசனமோ வாக்கியமோ முடிந்த இடத்தில் மட்டும் வரட்டும். திருப்ப வேண்டிய பக்கத்தின் கீழ் வலது மூலையில் ஓர் அம்புக்குறி போடுங்கள். அது இல்லாவிட்டால் அங்கேயே ஜெபம் முடிந்ததாக எண்ணிப் புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

இரண்டாவது, நடுப்பக்கம். பின் அடித்த புத்தகத்தில் 16, 17-ஆம் பக்கங்கள் ஒரே தாளின் ஒரே முகத்தில் அச்சாகின்றன. புத்தகத்தைக் கையில் எடுத்ததும் தானே விரிவதும் அங்கேதான். தினமும் எல்லாரும் சொல்லும் கர்த்தருடைய ஜெபத்துக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. அதற்கு முன்பாதியில் காலை, பின்பாதியில் மாலை என்று வைத்தால், எண் பார்க்காமலே கை இடம் கண்டுபிடித்துவிடும். 32 பக்கத்துக்கு ஓர் ஏற்பாடு:

1: தலைப்பு, உரியவர் பெயர் எழுதும் கோடு
2–3: பொருளடக்கம்
4–7: காலை ஜெபம்
8–11: சங்கீதம் 23
12–15: விசுவாசப் பிரமாணம்
16–17: கர்த்தருடைய ஜெபம்
18–21: மாலை ஜெபம்
22–25: சங்கீதம் 121
26–27: படுக்கைக்குப் போகுமுன்
28–29: நோயுற்ற வேளையில்
30–31: ஆசீர்வாதம்
32: குருவானவர், பிள்ளைகள் தொலைபேசி எண் எழுத இடம்

பொருளடக்கத்தில் எண்ணை இடதுபுறம் பெரிதாகவும், தலைப்பை அதன் பின்னும் போடுங்கள். வழக்கமான புள்ளிக்கோட்டைப் பிடித்துக்கொண்டு வலது ஓரத்துக்குப் போவதற்குள் கண் வரி மாறிவிடும். குருவானவர் சொல்வது, சபையார் சொல்வது என்று பிரிக்க வேண்டிய இடத்தில் சிவப்பு மை வேண்டாம், மங்கிய வெளிச்சத்தில் சிவப்பு கரைந்து போகும். சபையார் பகுதியைப் போல்டில் வையுங்கள்.

இதற்கு மேல் ஒரு ஜெபம் சேர்க்கவேண்டும் என்று யாராவது சொன்னால், எழுத்தைக் குறைத்து இடம் பண்ண வேண்டாம். நான்கு பக்கம் கூட்டி 36 ஆக்குங்கள். நடுப்பின் புத்தகத்தில் பக்கம் எப்போதும் நான்கால் வகுபட வேண்டும். பக்கம் கூடினால் நடுப்பக்கமும் மாறும் (36-க்கு 18–19) என்பதால், முன்பாதியில் இரண்டு பக்கமும் பின்பாதியில் இரண்டு பக்கமுமாகச் சேருங்கள்.

5. அச்சு வரிசை

வாசிக்கும் வரிசை வேறு, அச்சாகும் வரிசை வேறு. ஒரு ஏ5 தாளை மடித்தால் நான்கு ஏ6 பக்கம். எனவே 32 பக்கத்துக்கு 8 ஏ5 தாள். ஒரு முகத்தில் அருகருகே வரும் இரண்டு எண்களைக் கூட்டினால் எப்போதும் 33 வரும் (மொத்தப் பக்கத்தோடு ஒன்று). வரிசை இது, ஒவ்வொன்றிலும் முதல் எண் இடப்புறம், அடுத்தது வலப்புறம்:

தாள் 1: முன் 32, 1, பின் 2, 31
தாள் 2: முன் 30, 3; பின் 4, 29
தாள் 3: முன் 28, 5, பின் 6, 27
தாள் 4: முன் 26, 7, பின் 8, 25
தாள் 5: முன் 24, 9, பின் 10, 23
தாள் 6: முன் 22, 11, பின் 12, 21
தாள் 7: முன் 20, 13, பின் 14, 19
தாள் 8: முன் 18, 15, பின் 16, 17

இதை நம்பி இறங்குவதற்கு முன் எட்டுத் துண்டுத் தாளை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து, பென்சிலால் 1 முதல் 32 வரை எண் போட்டு, பிரித்துப் பாருங்கள். பட்டியலில் உள்ளதே கையில் வரும். கடையில் சந்தேகம் வந்தால் அந்த மாதிரியைக் காட்டினால் போதும்.

கடையில் இருப்பது ஏ4. தாளை நெட்டுவாக்கில் வைத்து, மேல்பாதியில் ஒரு ஏ5, கீழ்பாதியில் அதே ஏ5 மறுபடியும் என்று அமையுங்கள். குறுக்கே நடுவில் வெட்டினால் இரண்டு புத்தகத்துக்கான தாள் ஒரே நேரத்தில் கிடைக்கும், கலந்துபோகவும் வழியில்லை. எட்டு ஏ4 தாளில் இரண்டு புத்தகம். 100 புத்தகத்துக்கு 400 தாள், சேதாரத்துக்கு இருபது சேர்த்துக்கொள்ளுங்கள்.

இருபக்க அச்சில் Flip on long edge என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாற்றிப் போட்டால் பின்பக்கம் தலைகீழாக வரும். முதல் தாள் வந்ததும் நிறுத்தி, 1-ஆம் பக்கத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள்: அதன் பின்னே 2 நேராக நிற்க வேண்டும். அடுத்து அளவு. அச்சு சன்னலில் Actual size இருக்கட்டும். Fit என்று இருந்தால் பக்கம் முழுவதும் கொஞ்சம் சுருங்கி, நீங்கள் அளந்து வைத்த 3.3 மி.மீ. குறைந்துவிடும், நடுவெட்டும் இடம் மாறும். மறுபடியும் "ப"வை அளந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

இன்னொரு குழப்பம் அடிக்கடி நேர்வது. நீங்கள் வரிசை மாற்றிய பிடிஎஃப் கொடுப்பீர்கள். கடைக்காரரும் தம் மென்பொருளில் Booklet என்று அழுத்துவார். இரண்டு முறை மாறிய வரிசையை யாராலும் மடிக்க முடியாது. யார் மாற்றுவது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அதிகப் பிரதிக்குச் சிவகாசியில் ஆப்செட்டில் அடிப்பதானால், 1 முதல் 32 வரை வாசிக்கும் வரிசையிலேயே தனித்தனிப் பக்கமாகக் கொடுங்கள். அவர்கள் தங்கள் பிளேட்டுக்கு ஏற்ப அடுக்கிக்கொள்வார்கள்.

உரையை வேர்ட் கோப்பாகக் கொடுக்கவே வேண்டாம். கடைக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டால் வேறொன்று அமர்ந்து, கையால் பிரித்த வரியெல்லாம் குலையும். பழைய மென்பொருளில் யூனிகோடு உரையை ஒட்டினால் கொம்பு தனியாகப் பிரிந்து, புள்ளிவட்டத்தோடு நிற்கும். InDesign-இல் இப்படி வந்தால் Adobe World-Ready Paragraph Composer என்பதற்கு மாற்றிக் கொடுத்தால் சரியாகும். எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் கொடுத்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

6. தாள், மடிப்பு, பின்

90 ஜிஎஸ்எம் மேப்லித்தோ, முடிந்தால் சற்று மஞ்சளோடிய நிறம். 70 ஜிஎஸ்எம்மில் பின்பக்க எழுத்து நிழலாகத் தெரியும். பெரிய கறுத்த எழுத்தில் அது இன்னும் மோசம். பளபளப்பான ஆர்ட் பேப்பரில் டியூப்லைட் வெளிச்சம் பட்டுக் கண் கூசும், அட்டைக்கும் மேட் லேமினேஷனே போடுங்கள். அட்டை 250 ஜிஎஸ்எம், அழுத்தமான ஒரே நிறத்தில். வேதப்புத்தகத்துக்கும் கண்ணாடிக் கூட்டுக்கும் நடுவே இருந்தாலும் சட்டென்று தெரியும்.

அடுக்கும்போது அட்டையை உள்முகம் மேலே தெரிய விரித்து, அதன்மேல் தாள் 1-ஐ 2, 31 தெரியும்படி வையுங்கள். அதன்மேல் தாள் 2-ஐ 4, 29 தெரியும்படி. இப்படியே போனால் உச்சியில் 16, 17 இருக்கும். நடுவில் மடித்து, முதுகின் வெளியிலிருந்து இரண்டு பின், மேலிருந்தும் கீழிருந்தும் ஏறக்குறைய 35 மி.மீ. தள்ளி. பின்னின் முனை உள்ளே தட்டையாகப் படிந்திருக்க வேண்டும். மெலிந்த தோலை அது கீறிவிடும், ஆகவே ஒவ்வொரு புத்தகத்திலும் நடுப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். முதுகில் பசை ஒட்டும் பைண்டிங் இந்த அளவுக்கு வேண்டாம். கையால் அழுத்திப் பிடிக்காவிட்டால் மூடிக்கொள்ளும், மூட்டுவலிக்காரருக்கு அது ஆகாது.

மடித்ததும் உள்தாள்கள் வெளியே சற்று நீட்டிக்கொண்டிருக்கும். எட்டுத் தாளில் ஒரு மி.மீ.க்குள்தான் இருக்கும். முன்விளிம்பை 2 மி.மீ. வெட்டிச் சமன் செய்தால் போதும். இதனால் 16, 17-ஆம் பக்கங்களின் வெளி ஓரம்தான் அதிகம் குறையும், பக்க எண்ணை 8 மி.மீ. உள்ளே தள்ளச் சொன்னது இதற்காகவே.

7. நூறு அடிப்பதற்கு முன் ஒன்று

ஒரே ஒரு பிரதி செய்து, உங்கள் சபையில் மூத்த இருவர் மூவரிடம் மாலையில், அவர்கள் வழக்கமாக ஜெபிக்கும் இடத்திலேயே, அவர்கள் பழைய கண்ணாடியோடு கொடுங்கள். "தெரிகிறதா தாத்தா?" என்று கேட்டால் தெரிகிறது என்றுதான் சொல்வார்கள். கேட்காமல், சத்தமாக வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். வரிக்கு வரி விரல் வைத்தால் வரி இடைவெளி போதவில்லை. ஒரே சொல்லில் இருமுறை நின்றால் அந்த வரியைப் பிரித்த இடம் தவறு. கட்டைவிரலை நகர்த்தி நகர்த்தி வாசித்தால் ஓரம் குறைவு. விளக்குப் பக்கம் சாய்ந்தால் எழுத்து மெலிவு, அல்லது தாள் பளபளக்கிறது. புத்தகத்தை மட்டும் தூரத் தள்ளிப் பிடித்தால் அது கண்ணாடியின் குறை, பக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. கடைசியாகப் புத்தகத்தை மூடிக் கொடுத்து, கர்த்தருடைய ஜெபத்தை எடுக்கச் சொல்லுங்கள். பொருளடக்கத்துக்குப் போகாமல் நடுவில் விரித்தார்களென்றால் மீதிப் பிரதிகளை அடிக்கச் சொல்லிவிடலாம்.